விபூதிப் புதனில் வந்த காதலர் தினம்

எனக்கு ரோஜாப்பூ பிடிக்கும். பிப்ரவரி பதினான்காம் தேதி வீடு தேடி வருகிற ரோஜாப்பூதான் பிடிக்காது. இந்தச் சின்ன விஷயத்தை என் கணவரிடம் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது.

எங்களுக்கு 2008இல் கல்யாணம். நான் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். அவர் வீட்டாரும் கடற்கரைக்காரர்கள்தான். ஒரு தலைமுறைக்கு முன் கரையை விட்டு மேலேறி வந்து கொட்டாரத்தில் வீடு கட்டியவர்கள். அவருக்கு கத்தாரில் ஏ.சி. மெக்கானிக் வேலை. கல்யாணத்துக்கு என்று நாற்பது நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். அதில் பாதி நாள் விருந்துக்குப் போய் வந்ததில் கழிந்தது. மீதிப் பாதியில் நாங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் காப்பிக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரிவதற்குள் பெட்டி கட்டிவிட்டார்.

அடுத்த பிப்ரவரியில் முதல் பூங்கொத்து வந்தது. அன்று எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். பதினைந்து பெண்கள் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது தேவ இரகசியத்தின் நடுவில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் இறங்கி வந்தார். ஒரு கையில் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்து, மறு கையில் கேக் பெட்டி. என் பெயரைச் சத்தமாக வாசித்தார். நான் எழுந்து போனதும், "மேடம், பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கணும், டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப்" என்றார். மற்ற எல்லோரும் ஜெபமாலையைப் பிடித்த கையோடு என்னையே பார்த்தார்கள். மாமியார் மட்டும், "யாருக்க பொறந்த நாளுட்டி இன்னைக்கு?" என்று கேட்டார்.

பூங்கொத்தோடு ஒரு அட்டை இருந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு வரி, கீழே அவர் பெயர். அந்த எழுத்து அவருடையது இல்லை. சாயங்காலம் போன் வந்தது.

"கெடச்சா? எப்படி இருந்துது?"

"கொள்ளாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் நன்றாயிருக்கிறது என்பதற்கு அதுதான் சொல். மாமியார் பக்கத்தில் நின்றார். நூறு தரம் கூசிப்போயிருந்தேன். போனில் அவர் குரலிலோ அப்படி ஒரு சந்தோஷம். வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அந்தக் கேக்கை நான் தொடவில்லை. அந்த மாதிரிக் கிரீம் வாயில் வைத்தால் வனஸ்பதி மாதிரி ஒட்டும். மாமியாருக்குச் சர்க்கரை. அன்பியத்துப் பெண்கள் ஆளுக்கொரு துண்டு கொண்டுபோனார்கள். பூவை மறுநாள் கோயில் வாசலில் குகை மாதிரி கட்டிய கெபியில் மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அம்மைக்காவது பிடிக்கட்டும் என்று.

நான் கொள்ளாம் என்று சொன்னதனால் அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது.

அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அவர் அங்கே ஒரு வலைத்தளத்தில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவார். படத்தில் நீளமான தண்டோடு இருபத்து நான்கு ரோஜா, செக்கச்செவேலென்று இருக்கும். சென்னை, கோவை என்றால் ஒரு விலை. எங்கள் ஊர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தால் தூரத்துக்கென்று தனியாகக் காசு. குறிப்பிட்ட நேரத்தில் கொண்டு சேர்க்க இன்னொரு காசு. பதினான்காம் தேதி என்பதற்காக மொத்த விலையும் ஒரு ஏற்றம் ஏறும். அந்தத் தளத்துக்காரர்கள் வேலையை நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்குத் தள்ளிவிடுவார்கள். பேக்கரிக்காரர் தன் பங்கு போக மிச்சத்துக்குத் தக்கபடி, கிடைத்த ரோஜாவை வைத்துப் பன்னிரண்டோ பதினைந்தோ கட்டி, இடைவெளிக்கு இலையைச் சொருகி, கண்ணாடித்தாள் சுற்றி அனுப்புவார். நாகர்கோவிலை அடுத்துத்தான் தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது. மடி நிறையப் பூ வாங்கலாம், ஒரு நாள் மீன் வாங்கும் காசுக்கு. அதே பூ கத்தாருக்குப் போய்த் திரும்பி வந்த விலையில் என் கைக்கு வந்துகொண்டிருந்தது.

காசைச் சொல்லிக் குறைப்படுவது என் நோக்கமில்லை. அப்போது எனக்கிருந்த கவலை வேறு. அவர் தங்கியிருந்தது ஓர் அறைக்கு எட்டுப் பேர் படுக்கும் கேம்ப்பில். அத்தனை பேரும் அந்தத் தேதிக்கு வீட்டுக்கு ஏதோ அனுப்புவார்கள், யார் அனுப்பியது பெரிது என்று ஒரு பேச்சு ஓடும். தூரத்திலிருந்து எனக்குக் கணவனாக இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது ஒன்றுதான். அதைப் போய்ப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அந்த மனுஷனிடம் வேறு என்ன மிஞ்சும் என்று பயந்தேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பதினைந்தாம் தேதி காலையில் பையை வைப்பதற்கு முன்பே கேள்வி வரும். "என்ன வந்துது? காட்டு." காட்டினால் "அய்யோ, உனக்கு வாய்ச்ச ஆளப் பாரு" என்பார்கள். ஒருத்தியின் கணவர் உள்ளூரிலேயே இருந்தார், தினம் அவளை பஸ் ஏற்றிவிட வருவார். ஒரு மிட்டாய்கூட வாங்கித் தந்ததில்லை. அவள் என் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நான் அவள் கணவர் அவளோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். போனில் ஸ்டேட்டஸ் வைக்கிற காலம் வந்ததும் இன்னும் மோசம். படம் போடாவிட்டால் வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள்.

எங்கள் குடும்பம் உண்மையில் நடந்தது வெள்ளிக்கிழமைகளில்தான். அங்கே அன்று விடுமுறை. காலைப் பத்து மணிக்குப் போன் வரும், ஒரு மணிநேரம் ஓடும். முதலில் போன் கார்டு, பிறகு இன்டர்நெட்டில். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவர் துணி துவைத்துக்கொண்டே பேசுவார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். பள்ளியில் சொல்லி வெள்ளிக்கிழமை காலை தாமதமாக வர அனுமதி வாங்கி வைத்திருந்தேன், அதற்கு ஈடாகச் சனிக்கிழமை போவேன். மகள் பிறந்த பிறகு அவளும் போனைப் பிடித்து இழுப்பாள். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் மட்டும் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை போன் வராது. "சைட்ல வேல நெருக்கடி" என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவருக்கு அது தெரியாது, எங்கள் போனில் குரல்தான் கேட்கும், முகம் தெரியாது.

2016இல் அவர் கம்பெனி ஆள் குறைத்தது. ஊருக்கு வந்தவர் நாகர்கோவிலில் ஒரு ஏ.சி. சர்வீஸ் கடையில் சேர்ந்தார். சம்பளம் அங்கே வாங்கியதில் கால்வாசி. இனி இந்தப் பூவுக்கு விடிவு காலம் என்று நினைத்தேன். ஆள்தான் வீட்டிலேயே இருக்கிறாரே! ஆனால் அடுத்த பிப்ரவரியில் அவரே பூக்கடைக்குப் போனார். முந்தின நாளைவிட மூன்று மடங்கு விலை சொன்னார்களாம். வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் தொங்கவிட்டு வந்தார். சுசீந்திரம் தாண்டுவதற்குள் பாதி இதழைக் காற்று கொண்டுபோய்விட்டது. வாசலில் வந்து நின்றபோது அவர் முகம் வாடிக் கிடந்தது.

"கொள்ளாம்" என்றேன். பழக்கதோஷம்.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. எங்கள் கடற்கரை ஊர்கள் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் அண்ணன் போன படகு எட்டு நாள் கழித்து லட்சத்தீவுப் பக்கம் கரை சேர்ந்ததாகப் போன் வந்தது. எல்லா வீட்டுக்கும் அந்தப் போன் வரவில்லை. அண்ணன் திரும்பி வந்த நாளில் என் கணவர் அழுததை முதல்முறையாகப் பார்த்தேன். அதன்பின் அவர், "நாம இருக்கோம்லா மக்கா, இருக்கும்போ இருக்கணும்" என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். நல்ல எண்ணம்தான். அந்த எண்ணத்தோடு அவர் கன்னியாகுமரிக்கு ஒரு ஏ.சி. பழுது பார்க்கப் போனார். போன ஹோட்டலில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது.

காதலர் தின விருந்து, ஜோடிக்கு இவ்வளவு. கடலைப் பார்த்த மொட்டைமாடி, மெழுகுவர்த்தி, வரவேற்பு ஜூஸ், கோழியில் மூன்று வகைச் சாப்பாடு, அரைக்கிலோ இதய வடிவக் கேக், சட்டமிட்ட ஒரு போட்டோ. ஜனவரிக்குள் முழுப் பணமும் கட்டினால் கொஞ்சம் குறைப்பார்கள். கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள், தேதியும் மாற்றமாட்டார்கள். அவர் அங்கேயே கட்டிவிட்டு ரசீதோடு வந்தார். பதினைந்து நாள் சம்பளத்தில் பாதி போயிருக்கும். நான் ரசீதைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். கடற்கரையில் இன்னும் கறுப்புக் கொடி இறங்கவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சிறு பிள்ளை மாதிரி நின்றவரிடம் அதை எப்படிச் சொல்ல?

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, பூசை முடியும் தறுவாயில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். "வருகிற புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் ஆரம்பம். அன்று ஒருசந்தி, சுத்தபோசனம். போன வருஷக் குருத்தோலைகளை இன்று மாலைக்குள் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள்."

புதன்கிழமை என்றால் பதினான்காம் தேதி. பெண்கள் பக்கத்திலிருந்து நான் ஆண்கள் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்குக் காலண்டரில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. நாங்கள்தான் ஜனவரித் தாளைக் கிழிக்காமலே பிப்ரவரிக்குப் பணம் கட்டியிருந்தோம். ஞானஸ்நானம் வாங்கி முப்பத்தைந்து வருஷம் ஆன இரண்டு பேர், கறியே தொடக்கூடாத ஒருசந்தி நாளுக்குக் கோழி விருந்து பதிவு செய்திருந்தோம்.

வெளியே வந்ததும் ஹோட்டலுக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். பணம் திரும்பாது, தேதி மாறாது, மெனுவும் மாறாது.

"விட்டிருவோம்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஆண்டவரே எனக்காகத் தேதியை மாற்றி வைத்த மாதிரி.

"அவ்வளவும் போவுமேட்டி" என்றவர் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஒருசந்தின்னா ஒருநேரம் முழுச் சாப்பாடு உண்டுல்லா? அத ராத்திரிக்கு வச்சுக்குவோம். கறிய மட்டும் ஒதுக்கிருவோம். சோறும் கேக்கும் பாவமில்லியே."

அவர் சொன்னதில் சட்டப்படி தப்பில்லை. புதன்கிழமை காலையில் பால் சேர்க்காத கட்டன்காப்பி குடித்தோம். மத்தியானம் அலுவலகத்தில் தண்ணீர். ஐந்தரை மணிப் பூசையில் முழந்தாளிட்டபோதே எனக்குக் கண்ணைக் கட்டியது. சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார். குருத்தோலைச் சாம்பலில் எண்ணெய் கொஞ்சம் கூடிப்போயிற்று போலும், மூக்கு நுனி வரை வழிந்து ஒட்டியது. அதைத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சிவப்பு உடையில் வரவேண்டும் என்று ரசீதில் போட்டிருந்ததால் கல்யாணத்தன்று உடுத்த சிவப்புச் சேலையோடும் நெற்றியில் கறுப்புச் சிலுவையோடும் நான் ஸ்கூட்டரில் ஏறினேன்.

மொட்டைமாடியில் முப்பது மேசை நெருக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் இருப்பவரின் முழங்கை என் முதுகில் இடித்தது. கடல் இருந்த திசையில் இதய பலூன்களால் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள், ஆகையால் கடல் தெரியவில்லை. ஏழிலிருந்து எட்டரை வரை ஒரு கூட்டம், பிறகு இரண்டாம் கூட்டம். நேரமானால் எழுந்துவிட வேண்டும். போட்டோ எடுப்பவர் எங்களை வளைவின் கீழே நிறுத்தினார். கேமராவை இறக்கிவிட்டு, "சார், நெத்தியில என்னமோ அழுக்கு" என்றார். "அழுக்கில்ல, அப்படியே எடும்" என்றார் என் கணவர். தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு என்று மேசையில் ஒரு சீட்டு இருந்தது.

முதலில் கோழி சூப் வந்தது. தொடாமல் திருப்பினோம். அடுத்து கோழி வறுவல். அதுவும் திரும்பியது. மூன்றாவதாக ஃப்ரைட் ரைஸ். ஒதுக்கலாம் என்று நினைத்த கறி அதில் ஒவ்வொரு பருக்கையோடும் கலந்து கிடந்தது. என் கணவர் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு வைத்தார். பரிமாறியவர் எங்கள் வயதுக்காரர். அப்போதுதான் அவர் எங்கள் நெற்றியைச் சரியாகப் பார்த்தார். குனிந்து, தன் முன்முடியை விலக்கிக் காட்டினார். அங்கேயும் அரைகுறையாக அழிந்த ஒரு சிலுவை.

"நானும் ஒருசந்திதான் அண்ணா. காலத்த பூசைக்குப் போயிட்டு வந்தேன். ஸ்டாஃபுக்கு உள்ள கஞ்சியும் பயறும் இருக்கு. கொண்டு வரட்டா? மேனேஜர் பாக்காம இருக்க சூப் பாத்திரத்துல தாரேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தையெல்லாம் விட்டு, "கொண்டு வாங்க அண்ணா, புண்ணியமாப் போவும்" என்றேன். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் என் மனம் நிறையும். பூப்போட்ட வெள்ளைச் சூப் கிண்ணத்தில், சிவப்பரிசிக் கஞ்சியும் தேங்காய் போட்ட சிறுபயறும் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைத்துக் குடித்தோம். அத்தனை ருசியான கஞ்சியை அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

பாதிக் கிண்ணம் ஆவதற்குள் மைக்கோடு ஒரு இளைஞர் வந்து விளையாட்டு என்று ஆரம்பித்தார். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, ஒரு பென்சில். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் காட்டாமல் பதில் எழுத வேண்டும். ஒத்துப்போனால் மதிப்பெண். கேள்வி இதுதான்: கணவர் தந்ததில் மனைவிக்கு ரொம்பப் பிடித்தது எது?

நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூவும் கேக்கும் என்று எழுதுவது ஒரு நிமிட வேலை. ஒன்பது வருஷம் வாயால் சொன்னதைக் கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்று காலையிலிருந்து பட்டினி கிடந்ததனாலோ, நெற்றியில் சாம்பலோடு பொய் எழுதக் கூசியதனாலோ, என் கை 'வெள்ளிக்கிழமை போன்' என்று எழுதிவிட்டது. எழுதியதும் அழிக்க நினைத்தேன். மைக்காரர் பிடுங்கிக்கொண்டார்.

"சார் எழுதியிருக்காங்க, பூவும் கேக்கும். மேடம் எழுதியிருக்காங்க... வெள்ளிக்கிழமை போனா? மேடம், என்ன மாடல் போனு அது? கிஃப்ட்டக் கேட்டா கெழமையச் சொல்லுதீங்களே! பூஜ்யம்!"

முப்பது மேசையும் சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. மைக் அடுத்த மேசைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"அப்போ அந்தப் பூவெல்லாம்?"

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னேன். கேக்கை ஒரு வருஷமும் தின்றதில்லை என்றேன். பூ எல்லாம் கெபிக்குப் போயிற்று என்றேன். அன்பியக் கூட்டத்தில் கூசி நின்றதையும், போன வருஷம் இதழ் உதிர்ந்த பூவைப் பார்த்து உள்ளுக்குள் நிம்மதி அடைந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. நான் ஒன்பது வருஷமாகப் பயந்த முகம் அதுதான்.

"பின்ன ஏன் கொள்ளாம், கொள்ளாம்னு சொன்ன?"

"நீங்க வெசனப்படுவியன்னு."

அவர் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பூவுக்குத்தான்ட்டி வெள்ளிக்கிழமை ஓவர்டைம் போனேன்" என்றார். "சம்பளம் அப்படியே வீட்டுக்கு வந்திரும். இதுக்குன்னு தனியா வேண்டாமா? அதான் ரெண்டு மூணு வெள்ளி வேலைக்குக் கேட்டு வாங்குவேன். உனக்குப் போன் விளிக்க முடியாது. பரவால்ல, பூ போவுதுல்லா, அவ சந்தோசப்படுவான்னு இருந்தேன்."

ஜனவரி கடைசியில் வராமல் போன போனுக்காக நான் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அந்த மனுஷன் வெயிலில் யாருடைய மொட்டைமாடியிலோ ஏ.சி. மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், நான் தொடாத கேக்குக்காக. என் ஒரு சொல்தான் அவரை அங்கே ஏற்றி நிறுத்தியிருக்கிறது. வருஷத்துக்கு மூன்று வெள்ளிக்கிழமையை நானே கொள்ளாம் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அழுதேன். பக்கத்து மேசைப் பெண் தன் கணவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். பூஜ்யம் வாங்கியதற்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ன? என்னப் பொட்டனாக்கிட்டியே" என்றார். கோபம் இருந்தது. ஆனால் அவர் கை மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தது.

எட்டே கால் மணிக்குப் பரிமாறியவர் வந்து, அடுத்த கூட்டம் கீழே காத்திருக்கிறது என்று தயக்கத்தோடு சொன்னார். இதயக் கேக்கைப் பெட்டியில் போட்டுத் தந்தார். என் கணவர் அதை அவரிடமே திருப்பி நீட்டினார். "நாளைக்குப் பிள்ளையளுக்குக் குடுங்க அண்ணா. எங்க வீட்ல இத யாரும் தின்ன மாட்டாங்களாம். இப்பத்தான் தெரியும்."

கொட்டாரத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"பிடிக்கல்லன்னா இனிமே பிடிக்கல்லன்னு சொல்லு. ஒன் மொகத்தப் பாத்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. நாம கூட இருந்ததே கொஞ்ச நாளுல்லா?"

எனக்கு யாரும் அதுவரை தந்திராத உரிமை அது. சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சாளை மீன் நல்ல விலைக்குக் கிடைத்தது. முந்தின நாள் பட்டினிக்கும் சேர்த்து ஈடு கட்ட வேண்டும் என்று, என் அம்மை வைக்கிற மாதிரி மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் முதல் நாள் நான் வைப்பது இதுதான். அவர் உட்கார்ந்தார், ஒரு வாய் உண்டார், தட்டில் விரலை ஓட்டினார்.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?"

"சொல்லுங்க."

"மீன்குழம்புல மாங்கா போட்டா எனக்குப் பிடிக்காது. அன்னைக்கு மொதல்லயே பிடிக்காது."

பத்து வருஷம்! ஒவ்வொரு விடுப்பிலும் சட்டியைச் சுரண்டித் தின்றவர்! அகப்பையைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்தாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்காக மாங்காய்க் குழம்பை வாரி வாரித் தின்றிருக்கிறார், அதை நம்பி நான் மாங்காய் தேடிச் சந்தையெல்லாம் அலைந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அதன்பின் எத்தனையோ பிப்ரவரி போயிருக்கிறது. எங்கள் வீட்டில் பூங்கொத்தும் இல்லை, மாங்காய்க் குழம்பும் இல்லை. மாங்காய் எனக்கு ஆசை வந்தால் எனக்கு மட்டும் சின்னச் சட்டியில் வைத்துக்கொள்கிறேன். இப்போது அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினால், அது எனக்காக நீட்டுவதில்லை, குழம்புக்காகத்தான் நீட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் ஊற்றும்போது எனக்குக் கண் கலங்குகிறது.